எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் தபாலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவுக்கு வருகிற மின்னஞ்சல் எதுவானாலும் முதலில் அவள் கண்ணில் பட்ட பிறகுதான் மற்றவர்களுக்குப் போகும். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். அவள் ஒரு தபால் உறையைக் கையால் பிரித்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது என்பது வேறு விஷயம்.

மேற்படிப்பு விண்ணப்பங்களுக்குக் கடைசித் தேதி முடிந்ததும் அவளுக்குத் தலைக்கு மேல் வேலை வந்துவிடும். காலையில் கணினியைத் திறந்தால் அஞ்சல் பெட்டி பிதுங்கிக்கொண்டு நிற்கும். எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். எல்லாச் சான்றிதழும் ஏற்றிவிட்டேனே, போர்ட்டலில் ஏன் இன்னும் ‘முழுமையடையவில்லை’ என்று காட்டுகிறது?

அதற்கு ஒரே பதில்தான் உண்டு. ‘தாங்கள் பதிவேற்றிய ஆவணங்கள் சரிபார்க்கப்பட்டவுடன் நிலை புதுப்பிக்கப்படும். இதற்குச் சில வேலை நாட்கள் ஆகலாம். தங்கள் பொறுமைக்கு நன்றி.’ அலுவலகத்தில் இதற்குப் ‘பல்லவி’ என்று பெயர். “அக்கா, இன்னிக்கு எத்தனை பேருக்குப் பல்லவி பாடினீங்க?” என்று பக்கத்து மேசைக்காரர்கள் கேட்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே, “தொண்டை கட்டிப்போச்சு போங்க” என்பாள்.

பல்லவியில் பொய் ஒன்றும் கிடையாது. விண்ணப்பதாரர் ஒரு கோப்பை ஏற்றினால், அதை அலுவலகத்தில் யாராவது ஒருவர் திறந்து, கேட்ட சான்றிதழ்தானா, எழுத்து தெரிகிறதா, பெயர் பொருந்துகிறதா என்று பார்த்துப் பட்டியலில் டிக் போட வேண்டும். எல்லா டிக்கும் விழுந்த பிறகுதான் விண்ணப்பம் ‘முழுமை’ ஆகும். கடைசி நாளில் வந்து குவிந்த கோப்புகளை முடிக்க ஆட்களுக்கு நாள் பிடிக்கும். கேட்டவர்களில் பெரும்பாலானோருக்கு அடுத்த வாரமே டிக் விழுந்துவிடும். அப்புறம் அவர்கள் எழுதமாட்டார்கள்.

இந்தப் பெண் மறுபடி எழுதினாள்.

‘மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, இது என் மூன்றாவது மின்னஞ்சல். முதல் இரண்டுக்கும் பதில் அனுப்பியதற்கு நன்றி. இரண்டும் ஒரே பதில் என்பதால் என் கேள்வி புரியவில்லையோ என்று மறுபடி எழுதுகிறேன். எல்லாவற்றையும் கடைசித் தேதிக்கு முன்பே ஏற்றிவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் ‘கோப்பு பெறப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் வந்தது. படம் பிடித்து இணைத்திருக்கிறேன். ஆனால் மதிப்பெண் பட்டியலுக்கு நேரே மட்டும் இன்னும் ‘வரவேண்டியுள்ளது’ என்று இருக்கிறது. திரும்ப ஏற்றலாம் என்றால் தேதி முடிந்ததால் அந்தப் பொத்தானே காணவில்லை. நான் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். வேலையில் இருப்பவர்களுக்கான உதவித்தொகைக்கு இந்த வருடம்தான் எனக்கு வயது தகுதி இருக்கிறது. தொந்தரவுக்கு மன்னிக்கவும்.’

தபாலக்கா அதை இரண்டு தடவை படித்தாள். ‘இரண்டும் ஒரே பதில்’ என்ற இடம் சுருக்கென்றது. பழைய அஞ்சல்களைத் தேடி எடுத்துப் பார்த்தாள். முதல் பல்லவியும் அவள் பாடியதுதான், இரண்டாவதும் அவள் பாடியதுதான்.

பெண்ணின் விண்ணப்பத்தைத் திறந்தாள். பட்டச் சான்றிதழுக்கு டிக். மொழித் தேர்வுக்கு டிக். பரிந்துரைக் கடிதங்கள் இரண்டும் வந்திருந்தன. மதிப்பெண் பட்டியலுக்கான இடம் மட்டும் காலியாகக் கிடந்தது. தவறான கோப்பு, மங்கலான கோப்பு என்று எதுவாவது இருந்தால்கூட நிராகரித்த குறிப்பு இருக்கும். இங்கே எதுவும் வந்த தடமே இல்லை. ஆனால் பெண் அனுப்பிய படத்தில் பச்சை எழுத்து பளிச்சென்று இருந்தது.

ஏற்றாமலேயே ஏற்றினேன் என்று சொல்கிறவர்களும் உண்டு. இவ்வளவு வருடத்தில் அவள் அவர்களையும் பார்த்திருக்கிறாள். ஆனால் அவர்களுடைய அஞ்சலில் ஆத்திரம் இருக்கும். இதில் அது இல்லை.

எழுந்து பூட்டைத் தேடிப் போனாள்.

பூட்டு என்பது கணினிப் பிரிவில் இருக்கும் ஆளின் பட்டப்பெயர். கடவுச்சொல்லை மறந்துவிட்டு வருகிறவர்களிடமே நாளெல்லாம் மல்லுக்கட்டுவதால் வந்தது. குளிர்சாதனப் பெட்டி போல் சில்லிட்ட ஓர் அறையில், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

“தம்பி, ஒரு பொண்ணு அப்லோடு பண்ணேன்னு சொல்லுது. நம்ம பக்கம் ஒண்ணுமே இல்ல. பச்சையா வந்திருக்கு பாரு.”

அவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். “பச்சை வந்தா கோப்பு நம்மகிட்ட வந்துடுச்சுன்னுதான் அர்த்தம்க்கா. அது போலியா இல்லன்னா.”

“போலி மாதிரி தெரியல.”

“இருங்க.” அவன் எதையெதையோ திறந்தான், மூடினான். பிறகு ஓர் இடத்தில் நிறுத்தி, கழுத்துத் துண்டை அவிழ்த்து மேசைமேல் வைத்தான்.

“என்னடா?”

“கோப்பு வந்திருக்குக்கா. ஆனா உள்ள போகல. வாசல்லயே நிக்குது.”

அவன் விளக்கினான். கோப்பு வந்ததும் மென்பொருள் அதைப் பக்கம் பக்கமாகப் படமாக மாற்றி வைக்கும். அப்போதுதான் சரிபார்ப்பவர்களும் பேராசிரியர்களும் அதைத் திறக்க முடியும். அந்தப் பெண் படித்த கல்லூரி, மதிப்பெண் பட்டியலை யாரும் திருத்த முடியாதபடி பூட்டிய கோப்பாகக் கொடுக்கிறது. மென்பொருளால் அதை மாற்ற முடியவில்லை. மாற்ற முடியாதவற்றைத் தனியாக ஓர் இடத்தில் ஒதுக்கிவிட்டு, ‘இதைப் பாருங்கள்’ என்று அலுவலகத்துக்கு ஓர் எச்சரிக்கை அனுப்பும்.

“எச்சரிக்கை எனக்கு வரலையே. என் பெட்டிக்கு வராத அஞ்சல் எது?”

“உங்க பெட்டிக்கு வரல. முன்ன இங்க இருந்தாரே கண்ணாடிக்காரர், போன வருஷம் வேலையை விட்டுட்டுப் போனாரே, அவரோட முகவரிக்குப் போயிட்டிருக்கு. அவர் போனதும் அந்த முகவரியை மூடிட்டோம்.”

“அப்ப யாரும் பாக்கல.”

“பாக்க யாருமே இல்லக்கா.”

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அந்த ஒதுக்கின இடத்துல இந்தப் பொண்ணு ஒருத்திதானா?”

பூட்டு திரையை அவள் பக்கமாகத் திருப்பினான். பெயர்கள் திரை கொள்ளாமல் கீழே போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொருவரும் தேதிக்கு முன்னால் பச்சை எழுத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனவர்கள். சிலர் அவளுக்கு எழுதியிருப்பார்கள். பல்லவியைப் படித்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருப்பார்கள். பொறுமைக்கு நன்றி என்று அவளே எழுதியிருக்கிறாள்.

சேர்க்கைப் பிரிவின் மேலாளர் நல்ல மனிதர். விதிப் புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர். யாரிடமும் குரல் உயர்த்தமாட்டார். உயர்த்தவும் தேவை வராது. அவருடைய மேசையில் ஒரு காகிதம்கூடக் கோணலாக இருக்காது. தபாலக்கா சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இது நம்ம தப்புதாம்மா. அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்தக் கோப்பு தேதிக்கு முன்னால வந்ததுன்னு நாம எழுத்துல காட்டணும். மென்பொருள் கம்பெனிகிட்ட பதிவு கேளுங்க. எந்தத் தேதியில, எந்த நேரத்துல ஏத்தினாங்கன்னு அவங்க சொல்லட்டும். வந்ததும் நான் கையெழுத்துப் போட்டுடறேன்.”

“பூட்டு, அதாவது கணினிப் பிரிவு, பாத்துட்டாங்களே சார். தேதி இருக்கே.”

“கோப்பு அந்த இடத்துக்கு நகர்ந்த தேதிதான் அதுல இருக்கு. ஏத்தின தேதி கம்பெனிகிட்டதான் இருக்கு. நாளைக்கு வேற யாராவது, ‘அவங்களுக்கு மட்டும் தேதி முடிஞ்சும் எப்படிச் சேத்தீங்க’ன்னு வழக்குப் போட்டா, என் வாய்ச்சொல்லையா காட்டறது?”

அவர் சொன்னதில் குறை காண முடியவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. எதிரில் ஒரு கெட்டவன் இருந்தால் கத்தியாவது தீர்க்கலாம்.

பூட்டு அப்போதே கம்பெனிக்கு எழுதினான். உடனே பதில் வந்தது. ‘தங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது. சில வேலை நாட்களில் தொடர்புகொள்வோம். தங்கள் பொறுமைக்கு நன்றி.’ பூட்டு அதை அவளுக்கு வாசித்துக் காட்டி, “உங்க பல்லவியைத் திருடிட்டாங்கக்கா” என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கும் வரவில்லை.

தன் இடத்துக்குத் திரும்பியதும் பெண்ணுக்குப் பதில் எழுத உட்கார்ந்தாள். என்ன எழுதுவது? கோப்பு கிடைத்துவிட்டது என்றா? தவறு எங்களுடையது என்றா? அறையை விட்டு வரும்போதே மேலாளர் சொல்லியிருந்தார்: பதிவு வரும்வரை எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். எழுதி எழுதி அழித்துக் கடைசியில், ‘தங்கள் விண்ணப்பத்தை நேரடியாகப் பார்த்து வருகிறேன். விவரம் தெரிந்ததும் நானே எழுதுகிறேன்’ என்று அனுப்பினாள். தன் நேரடித் தொலைபேசி எண்ணையும் கீழே போட்டாள். அப்படிப் போடக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை உண்டு.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. ‘மிக்க நன்றி மேடம். ஒருவர் படிக்கிறார் என்று தெரிந்ததே போதும்.’

போதாது என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பெண் கேட்டிருந்த துறையின் தேர்வுக் குழு அந்த வாரத்திலேயே கூடப்போகிறது. முழுமையான விண்ணப்பங்கள் மட்டுமே பேராசிரியர்களின் வாசிப்புப் பட்டியலுக்குப் போகும். முழுமையடையாதவை இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. குழு கூடிய கையோடு உதவித்தொகைக்குப் பெயர்களையும் அனுப்பிவிடுவார்கள். உதவித்தொகை தருவது வெளியே உள்ள ஓர் அறக்கட்டளை. அதற்குத் தனிக் கெடு.

தேர்வுக் குழுவின் தலைவியான பேராசிரியைக்குத் தொலைபேசியில் பேசினாள். விவரத்தைக் கேட்டதும் பேராசிரியை படபடவென்று பேசினார். “அட, என்னம்மா இது! ரத்தப் பரிசோதனைக் கூடத்துல இத்தனை வருஷ அனுபவமா? அந்த மாதிரி ஆள்தான் எங்களுக்கு வேணும். நீங்க ஒண்ணு பண்ணுங்க. கோப்பை எனக்கு அப்படியே அனுப்பிடுங்க. நான் படிச்சு வெச்சுக்கறேன். முறைப்படி அப்புறம் வரட்டும்.”

அவளுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. “அனுப்பிடறேன் மேடம்” என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் மேலாளரிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்காமலேயே அனுப்பியிருக்கலாம். பிற்பாடு பல நாள் அதை நினைத்து நினைத்து மருகினாள்.

மேலாளர் தலையை மெதுவாக ஆட்டினார். “வேண்டாம்மா. சரிபார்க்காத கோப்பை ஒரு குழு உறுப்பினர் மட்டும் தனியாப் படிச்சாங்கன்னு தெரிஞ்சா, மொத்தத் தேர்வையே ரத்து பண்ணச் சொல்லுவாங்க. நல்லது பண்ணப் போய் அந்தப் பொண்ணு பேரையே கெடுத்துடுவோம். பதிவு நாளைக்கே வரலாம். கொஞ்சம் பொறுங்க.”

“வரலன்னா சார்?”

“வரும்.”

அன்று மாலை வீட்டுக்குப் போய்ச் சமையலறையில் நின்றபடியே கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் நகரப் பேருந்து ஓட்டுநர். காக்கிச் சட்டையைக் கழற்றாமல், வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டான்.

“அனுப்பிடு” என்றான்.

“வேலை போச்சுன்னா?”

“ஒரு கோப்பை அனுப்பினதுக்கா வேலை போவும்?”

“வேலை போவாது. ஆனா அவர் சொன்ன மாதிரி தேர்வையே நிறுத்திட்டா? ஏற்கெனவே இடம் கிடைக்கப்போறவங்க கதி என்ன? அவங்களும் எவனோ எவளோ பெத்த பிள்ளைங்கதானே.”

கணவன் கத்தியைக் கீழே வைத்தான். “அப்ப அனுப்பாதே.”

“என்ன நீங்க, அப்படியும் சொல்றீங்க, இப்படியும் சொல்றீங்க.”

“நான் என்னத்தைச் சொல்ல? நீ என்ன முடிவு பண்ணாலும் ராத்திரி தூங்கமாட்டே. சரி, எதைப் பண்ணா கொஞ்சமாவது தூங்குவேன்னு யோசி.” பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “நான் அழறேன்னு நினைக்காதே, வெங்காயம்” என்றான்.

அவள் அனுப்பவில்லை.

பதிவு மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பூட்டு ஒரு நாளைக்கு மூன்று தடவை கம்பெனிக்குப் போன் போட்டான். ஒவ்வொரு தடவையும் வேறொரு குரல் வந்து, முதலிலிருந்து விவரத்தைக் கேட்டது. இடையில் குழு கூடியது. பேராசிரியை கூட்டத்துக்குப் போகும் வழியில் அவளை அழைத்து, “வந்துச்சாம்மா?” என்று கேட்டார். இல்லை என்றாள். “சரி, பாக்கலாம்” என்றார். அந்தக் குரலிலேயே விஷயம் கை நழுவிக்கொண்டிருப்பது தெரிந்தது.

பதிவு வந்தபோது யாருக்கும் சந்தேகம் எழ இடமே இல்லை. பெண் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே ஏற்றியிருந்தாள். மேலாளர் சொன்ன சொல் தவறாமல், அந்த நிமிடமே கையெழுத்துப் போட்டார். பூட்டு கோப்பின் பூட்டை உடைத்து மாற்றினான். தபாலக்கா தன் கையாலேயே மதிப்பெண் பட்டியலுக்கு டிக் போட்டாள். ‘முழுமையடையவில்லை’ என்பது மறைந்து, ‘முழுமை’ என்று வந்தது.

பட்டியலை அப்போதுதான் படித்துப் பார்த்தாள். ஒவ்வொரு வருடமும் மதிப்பெண் ஏறிக்கொண்டே போயிருந்தது. கடைசி வருடத்தில் அது முதல் வகுப்பு மதிப்பெண்.

பேராசிரியை கோப்பைப் படித்துவிட்டு நேரிலேயே வந்தார். சேர்க்கைப் பிரிவுக்குப் பேராசிரியர்கள் நேரில் வருவது அபூர்வம். பக்கத்து மேசைகள் அமைதியாகிவிட்டன.

“நேர்காணலுக்குக் கூப்பிட்டிருப்போம்மா. கண்டிப்பா கூப்பிட்டிருப்போம். ஆனா இடமெல்லாம் குடுத்துட்டோம். அவங்களுக்கு நேத்தே தெரிவிச்சாச்சு. குடுத்ததை யார்கிட்டேர்ந்து பிடுங்கறது?”

“உதவித்தொகை மேடம்?”

“பேர் போயிடுச்சு. அறக்கட்டளைக்கு நீங்க ஒரு வார்த்தை எழுதிப் பாருங்க. ஒரு பேரைக் கூடுதலா எடுத்துப்பாங்களான்னு. நானும் எழுதறேன்.”

அறக்கட்டளைக்கு எழுதினாள். தன்னால் முடிந்த அளவு தெளிவாக, பணிவாக, எல்லாச் சான்றையும் இணைத்து எழுதினாள். அனுப்பிவிட்டு அஞ்சல் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் குடிக்கப் போனாலும் திரும்பி வந்து பார்த்தாள். மதியம் ஒரு பதில் வந்தது. அவளுடைய அஞ்சல் கிடைத்ததாம், வரிசைப்படி பரிசீலிப்பார்களாம். மறுபடி எழுதினாள். அதே பதில் வந்தது. மூன்றாவது தடவை எழுதியபோது, ‘முதல் இரண்டு பதிலும் ஒன்றாக இருந்ததால்’ என்று தன் விரல்கள் தட்டச்சு செய்வதைப் பார்த்துத் திடுக்கிட்டாள்; ஆனாலும் எழுதி முடித்து அனுப்பினாள். மூன்றாவதற்கு ஒரு மனிதர் பதில் எழுதினார். வருத்தம் தெரிவித்திருந்தார். கெடு முடிந்த பின் வரும் பெயர்களை ஏற்க எங்கள் விதியில் இடமில்லை என்று எழுதியிருந்தார். வார்த்தைகள் மரியாதையாகத்தான் இருந்தன.

ஒதுக்கிய இடத்தில் கிடந்த மற்ற பெயர்களுக்காகவாவது அவள் விடாமல் நின்றாள். “எழுதிக் கேட்டவங்களுக்கு மட்டும் பாத்தாப் போதாதா?” என்று அலுவலகக் கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். அவள் அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை. “எழுதாதவங்க நாம சொன்னதை நம்பினவங்க சார்” என்றாள். மேலாளர் அவளைப் பார்த்தார். பிறகு எல்லாப் பெயருக்கும் பதிவு கேட்கச் சொன்னார். இந்தத் தடவை கம்பெனியிடம் எதைக் கேட்க வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்று பூட்டுக்குத் தெரிந்திருந்ததால் சீக்கிரமே வந்துவிட்டது. மற்ற துறைகளில் குழுக்கள் இன்னும் கூடவில்லை. அவர்களுடைய விண்ணப்பங்கள் எல்லாம் ‘முழுமை’ ஆகி, வாசிப்புப் பட்டியலுக்குப் போய்ச் சேர்ந்தன. அவர்களில் பலருக்குத் தங்கள் விண்ணப்பம் கிணற்றில் விழுந்து எழுந்தது இன்றுவரை தெரியாது.

முதலில் கூடிய குழு ஒன்றே ஒன்று. அந்தத் துறையைக் கேட்டு, அந்த இடத்தில் சிக்கியிருந்தவள் இந்தப் பெண் ஒருத்திதான்.

முடிவைத் தெரிவிக்கும் அஞ்சலை மேலாளரே எழுதிக் கொடுத்தார். ‘தங்கள் விண்ணப்பம் முழுமையாகப் பெறப்பட்டது. போட்டி மிகுதியால் இவ்வருடம் காத்திருப்போர் பட்டியலில் தங்கள் பெயர் சேர்க்கப்பட்டுள்ளது.’ தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று அவள் கேட்டாள். சட்டப் பிரிவுக்கு அனுப்பிப் பார்த்தார். அந்த வரியை எடுத்துவிட்டு அனுப்பச் சொன்னார்கள்.

“காத்திருப்போர் பட்டியல் நகருமா சார்?”

“உதவித்தொகையோட சேந்த இடம் அது. யாரும் விட்டுட்டுப் போகமாட்டாங்க.” அவர் காகிதத்தை நேராக்கினார். “எனக்கும் கஷ்டமாத்தாம்மா இருக்கு.”

அனுப்பிய கொஞ்ச நேரத்தில் தொலைபேசி ஒலித்தது. பின்னால் ஏதோ இயந்திரம் சுற்றுகிற இரைச்சலும், தட்டுகள் உரசும் ஓசையும் கேட்டன.

“மேடம், நான்தான். மதிப்பெண் பட்டியல் விஷயமா எழுதிட்டிருந்தேனே.”

“தெரியுதும்மா. சொல்லுங்க.”

“காலையில போர்ட்டல் பாத்தேன். முழுமைன்னு வந்திருந்துச்சு. கூட வேலை செய்யறவங்களுக்கெல்லாம் சாக்லேட் வாங்கிக் குடுத்துட்டேன்.” ஒரு சின்னச் சிரிப்பு. “இப்பதான் இந்த மெயில் வந்துச்சு. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். நான் எதையாவது தப்பாப் பண்ணிட்டேனா? வீட்டுக்காரர் கேக்கறாரு, மாமியார் கேக்கறாங்க, நீ சரியா அனுப்பினியான்னு. அனுப்பினேன்னு சொல்றேன். யாரும் நம்பற மாதிரி தெரியல. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு.”

தபாலக்கா சுற்றிலும் பார்த்தாள். மேலாளரின் கதவு திறந்துதான் இருந்தது. குரலைத் தாழ்த்தவில்லை.

“நீங்க ஒரு தப்பும் பண்ணலம்மா. ஒரு வாரம் முன்னாலேயே சரியா ஏத்தியிருக்கீங்க. கோப்பு எங்ககிட்டதான் மாட்டிக்கிச்சு. எங்களுக்கு வரவேண்டிய எச்சரிக்கை வராமப் போச்சு. அதைக் கண்டுபிடிக்கறதுக்குள்ள உங்க துறையில தேர்வு முடிஞ்சுபோச்சு.”

“முதல் மெயில் போட்டேனே, அப்ப பாத்திருந்தா?”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “அப்ப பாத்திருந்தா கிடைச்சிருக்கும்.”

“அதுக்குப் பதில் போட்டது யாரு மேடம்?”

“நான்தாம்மா.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். “ஒரு நிமிஷம் இருங்க மேடம், இயந்திரம் நின்னுடுச்சு” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போனாள். மூடி திறக்கும் ஓசை, கண்ணாடிக் குழாய்களை எடுத்து அடுக்கும் ஓசை, யாரிடமோ “இது அவசரம், முதல்ல இதை எடுத்துட்டுப் போங்க” என்று சொல்லும் குரல் எல்லாம் கேட்டன. தபாலக்கா காதில் தொலைபேசியை அழுத்திப் பிடித்தபடி காத்திருந்தாள்.

“சொல்லுங்க மேடம்.”

சொல்ல என்ன இருக்கிறது என்று தேடினாள். “உங்களை மாதிரி இன்னும் நிறையப் பேரோட கோப்பு மாட்டியிருந்துச்சு. நீங்க விடாம எழுதினதாலதான் தெரிஞ்சுது. அவங்களுக்கெல்லாம் சரி பண்ணியாச்சு.”

சொல்லி முடித்ததுமே சொல்லியிருக்க வேண்டாமோ என்று பட்டது. ஆறுதல் என்று நினைத்துச் சொன்னது அவள் காதுக்கே வேறு மாதிரி விழுந்தது.

“அப்படியா” என்றாள் பெண். கொஞ்சம் பொறுத்து, “நல்லது. அவங்களுக்காவது கிடைக்கட்டும்” என்றாள். இன்னும் கொஞ்சம் பொறுத்து, “ஆனா எனக்கு இப்ப சந்தோஷப்பட வரல மேடம். தப்பா எடுத்துக்காதீங்க” என்றாள்.

“ஐயோ, இல்லம்மா.”

“அடுத்த வருஷம் போடலாம்னு வெச்சுக்கிட்டா, உதவித்தொகைக்கு வயசு தாண்டிடும். அது இல்லாம என்னால முடியாது. இங்க லீவு போட்டுட்டு வந்தா வீடு நடக்காது. உங்களுக்குத் தெரியும்னு நினைக்கிறேன், எல்லாம் அதுல எழுதியிருந்தேன்.”

“தெரியும்.”

“மேல யார்கிட்டயாவது எழுதினா பலன் இருக்குமா?”

மேல்முறையீட்டுக் குழு ஒன்று உண்டு. அதன் விலாசத்தைச் சொன்னாள். பதிவைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு, கேளுங்கள் என்றாள். சொல்லும்போதே, அந்தக் குழு தேர்வில் தவறு நடந்ததா என்று மட்டும் பார்க்கும், இல்லாத இடத்தை உண்டாக்க அதனாலும் முடியாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதையும் சொன்னாள். மறுபடி ஒரு பல்லவி பாட அவளுக்கு மனம் வரவில்லை.

“அப்ப எழுதட்டுமா, வேண்டாமா மேடம்?”

“எழுதுங்கம்மா. இடம் கிடைக்காது. ஆனா நீங்க சரியா அனுப்பினீங்கன்னு ஒரு காகிதத்துல பதிலா வரும். வீட்ல காட்டலாம்.”

“சரி மேடம். எழுதறேன்.” பெண்ணின் குரல் முதல் தடவையாக உடைந்தது. அதைச் சமாளித்துக்கொண்டு, “ஷிஃப்ட் முடியல. வெச்சிடறேன்” என்றாள்.

தொலைபேசியை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது மேலாளர் தன் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. கண்டிப்பார் என்று நினைத்தாள். அவர், “சாப்பிட்டீங்களாம்மா?” என்று கேட்டார்.

“இல்ல சார்.”

“போய்ச் சாப்பிடுங்க.”

அவள் போகவில்லை. அவரும் உள்ளே போகவில்லை.

மேல்முறையீட்டுக் கடிதம் மறுவாரம் வந்தது. பெண் நன்றாகவே எழுதியிருந்தாள். யார் மேலும் பழி போடவில்லை. தபாலக்கா அதை அன்றைக்கே பதிவு செய்து, பூட்டு எடுத்த சான்றுகளை எல்லாம் சேர்த்து, குழுவுக்கு அனுப்பிவைத்தாள். விண்ணப்பதாரர் தரப்பில் தவறேதும் இல்லை, இருப்பினும் இவ்வருடத்துக்கு இடமளிக்க இயலாது என்று தீர்ப்பு வந்தது. முதல் பாதியைத் தடித்த எழுத்தில் போட முடியுமா என்று அவள் குழுவின் செயலரிடம் கேட்டுப் பார்த்தாள். கடித வடிவத்தை மாற்ற அனுமதி இல்லை என்றார்.